எட்டுப் பேர் என்று எழுதினேன், அரைப்பேர்தான் விழுந்தது

பெறுபேறு வெள்ளிக்கிழமை வந்தது. டீம் லீட் பதவி கிடைத்துவிட்டது. போன வருடம் இதே பதவிக்கு இதே படிவத்தை நிரப்பித் தோற்றவள் நான். அதனால் சந்தோஷத்தோடு கொஞ்சம் கடுப்பும் இருக்கிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். படிவம் எப்படி இருக்கும், நேர்முகப் பரீட்சையில் யார் யார் உட்காருவார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேரே தலைமைத்துவச் சான்றுகள் பகுதிக்குப் போகிறேன். நான் விழுந்ததும் எழுந்ததும் அங்கேதான்.

எங்கள் நிறுவனம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுவைச் செயலியும் செக்ரோல் சம்பளக் கணக்கும் செய்கிறது. நான் பெரும்பாலும் ஹட்டன் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். போன வருடப் படிவத்தில் முதல் வரியே இதுதான்: ‘8 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்.’ 4 புள்ளிக்கு 1 விழுந்தது.

அந்த வரியை வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். “அந்த எட்டுப் பேரும் லீவு யாரிடம் கேட்டார்கள்?” நான் முழித்தேன். எட்டில் இரண்டு பேர் கண்டி அலுவலகத்துச் சோதனைக் குழுவினர், எங்களுக்குப் பாதி நேரம்தான். ஒருவர் ஒப்பந்தத்தில் வந்த வடிவமைப்பாளர். இரண்டு பேர் பயிற்சிக்கு வந்து நான்காம் மாதம் போய்விட்டார்கள். மிச்சம் மூன்று புரோகிராமர்கள். அவர்களுக்கும் லீவு கொடுத்தது முகாமையாளர்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். “மலையில எட்டுப் பேரு நின்னா எட்டும் ஒன் ஆளாயிருமா? பெரட்டுல ஒனக்கு யாரு பதில் சொன்னாங்க?” என்றார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம். அந்தக் காலத்தில் கங்காணிக்கு ஆள் கணக்கில் தலைக்காசு கொடுத்தார்கள். நான் எழுதிய வரியும் தலைக்காசு கேட்கிற வரிதான். பறித்த கொழுந்து நிறை காணாவிட்டால் தோட்டத்தில் அரை நாள் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். என் வரியிலும் நிறை காணாததால் எனக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த முறை எண்ணிக்கையை 3 என்று குறைத்து எழுதினேன். 11 மாதம் அந்த மூன்று பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தது நான், கோட் ரிவியூ நான், ஒருவர் வேலை பிந்தினால் உட்கார்ந்து பேசியதும் நான். லீவும் வருட மதிப்பீட்டுக் கையெழுத்தும் முகாமையாளருடையவை என்று அடுத்த வரியிலேயே போட்டேன். மற்ற ஐந்து பேரை ‘சேர்ந்து வேலை செய்தவர்கள்’ என்று தனியாக வைத்தேன். 3 புள்ளி கிடைத்தது. எட்டுக்கு ஒன்று, மூன்றுக்கு மூன்று.

இனி என் ஒரே தந்திரம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தாலும் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். ஆங்கில சீவியில் ‘லெட்’, ‘மேனேஜ்ட்’ என்று எழுவாய் இல்லாமலே நழுவிவிடலாம். தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். செய்தேனா, செய்தோமா, செய்யப்பட்டதா? பழைய படிவத்தை அப்படி மாற்றிப் பார்த்தபோது பதினைந்து வாக்கியத்தில் ‘ஏன்’ என்று முடிந்தவை மூன்று. மிச்சமெல்லாம் ‘ஓம்’, ‘பட்டது’. அதற்காக எல்லாவற்றையும் ‘ஏன்’ ஆக்கிவிடாதீர்கள். உங்கள் முகாமையாளரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

உதாரணத்துக்கு, படிவத்தின் டெலிவரிப் பொறுப்புப் பகுதியில் நான் இரண்டு முறையும் எழுதியது ஒரே சம்பவம். முதல் முறை: ‘சம்பளக் கணக்கில் ஏற்பட்ட பிழை கண்டறியப்பட்டு உரிய நேரத்தில் சரிசெய்யப்பட்டது.’ நடந்தது இது.

ஆகஸ்ட் சம்பளம் செப்டம்பர் 10ஆம் திகதிக்குள் போக வேண்டும். 5ஆம் திகதி மாலை, மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றின் கிளார்க் போன் எடுத்தார். இரண்டு டிவிஷனில் சிலருக்குக் கொழுந்து நிறை கூடிக் கிடக்கிறது என்றார். மலையில் சிக்னல் இல்லாதபோது போன் நிறையைத் தன்னிடமே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டால் திரும்பவும் அனுப்பும். சர்வர் இரண்டையும் புது நிறுவையாக எடுத்துக்கொண்டது. சிக்னலை நடுவில் அறுத்துச் சோதிக்காமல் அந்தப் பதிப்பை வெளியிட ஒப்புதல் கொடுத்தது நான்தான்.

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே நிறை என்று இருப்பவற்றை அழித்துவிடலாம் என்றார் குழுவில் ஒருவர். நான் மறுத்தேன். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை நிறுப்பார்கள். காலையிலும் 7 கிலோ, மதியமும் 7 கிலோ என்று உண்மையாகவே வரலாம். நிறுவை நடந்த நேரத்தை நாங்கள் பதியவில்லை, சர்வருக்கு வந்த நேரம்தான் இருந்தது. அழித்தால் யாரோ ஒருவருடைய உழைப்பும் சேர்ந்து போகும். 6ஆம் திகதி காலை, அந்த இரண்டு டிவிஷனுக்கும் கணக்கப்பிள்ளையின் தாள் கணக்கை வைத்துச் சம்பளம் போடச் சொல்லித் தோட்டத்துக்கும் முகாமையாளருக்கும் எழுதினேன். இரண்டு நாள் தட்டச்சு வேலை. வேறொரு அறிக்கையை இரண்டு வாரம் தள்ளிவைத்தேன். சம்பளம் 9ஆம் திகதி போனது. பிறகுதான் நிரந்தரத் திருத்தம்: நிறுக்கும்போதே போன் ஒவ்வொரு நிறுவைக்கும் ஓர் எண் கொடுக்கும், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும்.

பழைய வரியில் இதில் ஒன்றுமே இல்லை. இந்த முறை என் பிழையையும் தவிர்த்த வழியையும் தள்ளிவைத்த வேலையையும் எழுதி, 6ஆம் திகதிக் கடிதத்தை இணைத்தேன். நேர்முகத்தில் இருபது நிமிடம் இதைப் பற்றித்தான் பேசினோம். யார் முடிவெடுத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்றுதான் தோண்டுகிறார்கள். எல்லாம் சுமுகமாக முடிந்த வேலையை எழுதினால் தோண்ட இடமிருக்காது.

வழிகாட்டலுக்கு வருகிறேன். போன முறை ‘6 வகுப்பு எடுத்தேன்’ என்று எழுதினேன். அது என் வேலை, கற்றவருக்கு என்ன ஆனது என்று அதில் இல்லை. இம்முறை தலவாக்கலைத் தம்பி ஒருவரைப் பற்றி மட்டும் எழுதினேன். ஜனவரியில் அவருடைய கோட் மூன்று தடவையாவது திரும்பிப் போகும். திருத்தத்தை நானே எழுதிக் கொடுப்பதை நிறுத்தி, கேள்வி மட்டும் கேட்டேன். தொடங்கும் முன் அரைப் பக்கம் எழுதிக் காட்டச் சொன்னேன். ஜூனில் நான் லீவில் இருந்தபோது மாதச் சம்பளத்தைத் தனியாக முடித்தார். ரிவியூக் குறிப்புகள் குறைந்ததை மட்டும் சான்றாக வைக்காதீர்கள், பார்ப்பவர் சலித்துப்போனாலும் அவை குறையும். அவர் கோட்டில் வெளியீட்டுக்குப் பிறகு வந்த பிழைகளும் குறைந்ததைச் சேர்த்துக் காட்டினேன். இன்னொருவர் நான்காம் மாதமே விலகியதையும் ஒரு வரியில் சொன்னேன்.

அவசரமாகச் சில:

- ஒவ்வொரு ஆளுக்கும் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதுங்கள்.
- முடிவெடுத்த அன்றே ஒரு வரியாவது மெயில் போட்டு வையுங்கள். பிறகு தேடிச் சேர்க்க முடியாது. நான் எதையும் அழிக்காத ஆள், அதனால் தப்பினேன்.
- நேரில் சரளமாகப் பேசுகிறவர்களுக்கு என் வழி அலுப்பாக இருக்கலாம். எனக்கு வாய் வராது, தாள்தான் வரும்.

1ஆம் திகதி பொறுப்பேற்கிறேன். குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவர் நேற்றே, “அக்கா, தீபாவளிக்கு மூணு நாள் லீவு வேணும்” என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.