தடையின்மைச் சான்று: தகவல் கடிதம் வேறு, என்ஓசி வேறு

அரசு வேலையில் இருந்துகொண்டே டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் முதலில் குழம்புவது இந்த இரண்டு காகிதங்களில்தான். விண்ணப்பிக்கும்போது துறைக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அது தகவல் கடிதம். தேர்வாணையம் கேட்கும்போது நியமன அலுவலரிடம் வாங்கிய தடையின்மைச் சான்றைக் காட்ட வேண்டும்; அதுதான் என்ஓசி. விண்ணப்பத்தைத் துறை வழியாக அனுப்பத் தேவையில்லை, நேரடியாகவே போடலாம். ஆனால் இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் சிக்கல்தான். இந்த விதி மத்திய, மாநில அரசு ஊழியர்களோடு நிற்பதில்லை. மாநகராட்சி, வாரியங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கும் உண்டு. நிரந்தரமா, தற்காலிகமா என்ற பேதமும் கிடையாது. தனியார் கம்பெனியில் இருப்பவர்களை இது தொடாது.

விண்ணப்பப் படிவத்தில் அரசுப் பணியில் இருக்கிறீர்களா என்ற கேள்வி வரும். "டெம்பரவரிதானே, இல்லைன்னு போட்டா போச்சு" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பணியை மறைத்தால் அதற்காகவே விண்ணப்பத்தை நிராகரிக்கலாம் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் அப்போது கை கொடுக்காது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு துறையின் கிளை அலுவலகம். அங்கே ஓர் இளநிலை உதவியாளர் குரூப் 2 எழுதப் போகிறார். அவருக்குத் தினமும் வருகைப்பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும், விடுப்பு கொடுப்பதும் அந்த அலுவலகத் தலைவர். அதனால் என்ஓசியும் அவரே கொடுப்பார் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கொடுக்க வேண்டியவர் நியமன அலுவலர். அவர் யார் என்று யாரையும் கேட்க வேண்டாம், வேலைக்குச் சேர்ந்த நாளில் வாங்கிய நியமன ஆணையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையெழுத்துப் போட்டிருப்பவரின் பதவிதான் விடை. நம் உதாரணத்தில் அது இணை இயக்குநர், சேப்பாக்கத்தில் இருக்கிறார். வடசென்னையில் கிளை அலுவலகங்களில் இருக்கும் பலருக்கும் இதே கதைதான்: வேலை இங்கே, கையெழுத்து கூவத்துக்கு அந்தாண்டை.

அதனால் தகவல் கடிதத்தையே நியமன அலுவலர் பெயருக்கு எழுதி, "வழி: அலுவலகத் தலைவர்" என்று போட்டுக் கொடுப்பது நல்லது. அலுவலகத் தலைவருக்குத் தெரிவித்தாலே விதிப்படி போதும். ஆனால் கடிதம் மேலே போய் ஒரு கோப்பு ஏற்கெனவே திறந்திருந்தால், பின்னால் என்ஓசி கேட்கும்போது அதே கோப்பில் குறிப்பு வைத்துவிடுவார்கள், வேலை பாதி முடிந்த மாதிரி. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை:

பொருள்: பணியாளர் தொகுதி – (பெயர்), இளநிலை உதவியாளர் – தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வுக்கு விண்ணப்பித்துள்ள விவரம் தெரிவித்தல் – சார்பு.
பார்வை: தேர்வாணைய அறிவிக்கை எண், நாள்.

இதற்குக் கீழே பணியில் சேர்ந்த நாள், இப்போதைய பதவி, விண்ணப்ப எண், விண்ணப்பித்த நாள். இணைப்பாக விண்ணப்பத்தின் நகல். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதி முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்குங்கள். பிரிவு எழுத்தரின் மேஜையில் "சார், பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டு வருவதெல்லாம் கொடுத்ததாக ஆகாது. தன்பதிவேட்டில் பதிவாகாத கடிதம் தொலைந்தால் தேடக்கூட வழியில்லை. மூன்று நாள் கழித்துப் போய் ந.க. எண்ணைக் கேட்டு, உங்கள் பிரதியின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தலைமை அலுவலகத்துக்குப் போன் அடித்தால், பெயரைச் சொன்னால் நகராது. எண்ணைச் சொன்னால்தான் யார் இருக்கையில் இருக்கிறது என்று சொல்வார்கள்.

அடுத்தது என்ஓசி. எழுத்துத் தேர்வு முடிவு வந்து, சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொன்ன பிறகு ஓடினால் நேரம் போதாது. தேர்வாணையம் கொடுக்கும் அவகாசம் அதன் கணக்கில், கோப்பு நகர்வது துறையின் கணக்கில். கிளையில் குறிப்பு வைத்து, கண்காணிப்பாளர் பார்த்து, முகப்புக் கடிதத்தோடு தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே மறுபடி ஒரு பிரிவு, ஒரு கண்காணிப்பாளர், நிர்வாக அலுவலர் என்று ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஒரு ஆய்வுக் கூட்டமோ சட்டமன்றக் கூட்டத்தொடரோ வந்தால் அந்த வாரம் போச்சு. முதல்நிலைத் தேர்வு எழுதி, விடைக்குறிப்பைப் பார்த்து நம்பிக்கை இருந்தாலே என்ஓசிக்கான இரண்டாவது கடிதத்தைக் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அந்தக் கடிதத்தோடு, அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் படிவத்தையும் அச்செடுத்து இணையுங்கள். இதைச் செய்யாவிட்டால், பிரிவில் யாரோ பாஸ்போர்ட்டுக்கு முன்பு கொடுத்த என்ஓசியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். தேர்வின் பெயரும் அறிவிக்கை எண்ணும் சரியா? பதவியும் பணியில் சேர்ந்த நாளும் விண்ணப்பத்தில் போட்டதோடு ஒத்துப்போகிறதா? கையெழுத்துக்குக் கீழே பதவி முத்திரை தெளிவாக இருக்கிறதா, தேதி இருக்கிறதா? மேலே "இணை இயக்குநர்" என்று அச்சிட்டு, கீழே "இணை இயக்குநருக்காக" என்று வேறொருவர் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்து நியமன அலுவலரிடமே வாங்குங்கள். பிராட்வே பக்கத்தில் இருக்கும் தேர்வாணைய அலுவலகத்துக்குச் சரிபார்ப்புக்குப் போய் நிற்கும்போது இதைத் திருத்த முடியாது. முத்திரை வைத்த தகவல் கடிதத்தின் நகலை அங்கே நீட்டினாலும் அது என்ஓசிக்கு ஈடாகாது. தெரிவித்தோம் என்பதற்குத்தான் அது சாட்சி.

ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். 17(அ) அல்லது 17(ஆ) குறிப்பாணை வாங்கியிருந்தால் அதைச் சொல்லியே கேளுங்கள். தெரிந்தவர் ஒருவர் தயவில் "எதுவும் நிலுவையில் இல்லை" என்று வாங்கிவிட்டால், பணிப்பதிவேடு போய்ச் சேரும்போது உங்களுக்கும் கையெழுத்திட்டவருக்கும் சேர்த்தே கேள்வி வரும்.

யுபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வுக்கு முறை கொஞ்சம் வேறு. அங்கே அலுவலகத் தலைவருக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டேன் என்ற உறுதிமொழியைக் கேட்கிறார்கள். ஆனால் அனுமதி இல்லை என்று துறை ஆணையத்துக்கு எழுதிவிட்டால் விண்ணப்பம் ரத்தாகலாம். அதனால் அங்கேயும் முத்திரை வைத்த பிரதி பத்திரமாக இருக்க வேண்டும்.

குரூப் 2 முடிவுக்குக் காத்திருக்கும்போதே குரூப் 4 கிடைத்துச் சேர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். விண்ணப்பித்த நாளில் வேலை இல்லை என்பதால் "இல்லை" என்று போட்டது சரிதான். ஆனால் சேர்ந்த வாரமே புதிய அலுவலகத்தில் தகவல் கடிதம் கொடுத்து, தேர்வாணையத்துக்கும் தெரிவித்துவிட்டு, என்ஓசிக்கு எழுதிப் போடுங்கள். தகுதிகாண் பருவம் முடியவில்லை என்று பிரிவில் தயங்கினால், தற்காலிகப் பணியில் இருப்பவருக்கும் என்ஓசி வேண்டும் என்று சொல்லும் அறிவிக்கைப் பக்கத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு வையுங்கள்.