தூங்குமூஞ்சி மரமும் ஆறு பங்கும்

ஜூலை 27
நேற்று ராத்திரி ஆடிக் காற்றில் பின்கட்டுத் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து, இரண்டாம் கட்டுக் கூரையில் விழுந்தது. தொடை கனம்தான். அதற்கே நாட்டு ஓடு நாற்பதுக்கு மேல் போச்சு. இப்போது இந்த ஓடு செய்கிறவர்கள் அருகிவிட்டார்கள். இடித்த வீட்டு ஓட்டை யாராவது விற்றால்தான் உண்டு. ஆத்தா வளவில் உட்கார்ந்துகொண்டு, "மரத்தை எடுத்துடுப்பா, இனிமேல் தூக்கம் வராது" என்றார். ஐயா பர்மாவிலிருந்து திரும்பிய வருஷம் வைத்த மரம் என்பார்கள். இன்று நூல் கயிறு சுற்றி அளந்தேன்: நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 11 அடி 4 அங்குலம்.

ஜூலை 29
மரம் வெட்டுகிறவர் வந்தார். மரத்தைச் சுற்றி வந்து, "கூலியே வேண்டாம், கட்டையை எடுத்துக்கறேன், வேரோட சாய்ச்சுடறேன்" என்றார். கூலி வேண்டாம் என்கிறவருக்கு மரம் எவ்வளவு பெரிதாகச் சாய்கிறதோ அவ்வளவு லாபம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்ல மனுஷர் என்றுதான் நினைத்தேன். போகும்போது அவரே, "நகராட்சியில ஒரு லெட்டர் வாங்கிடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க போட்டோ எடுத்து அனுப்பினா வம்பு" என்றார்.

ஆகஸ்ட் 2
ஆணையருக்கு மனு எழுதி, சொத்துவரி ரசீது நகலும் நாலு போட்டோவும் வைத்துக் கொண்டுபோனேன். 'எனது சொந்த இடத்தில் உள்ள மரத்தை வெட்ட அனுமதி வேண்டுதல்' என்று தலைப்பு. தபால் பிரிவு அம்மா வாங்கிப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சொந்த இடம்னு எழுதியிருக்கீங்க, யார் பேர்ல இருக்கு?"

வரி ரசீது அப்பச்சி பெயரில் இருக்கிறது. வரி கட்டுவது வேறு, இடம் யாருடையது என்பது வேறு. "சந்தனம், பனைன்னா வேற கதை சார். உங்களுது சாதா மரம். ஆனா நாளைக்கு இன்னொரு பங்காளி வந்து என் மரத்தை வெட்டிட்டாங்கன்னு மனு கொடுத்தா எங்க தலையில விடியும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நகர நில அளவைப் பதிவேட்டு நகல் கேட்டார்.

வீட்டுக்கு வந்து eservices.tn.gov.in தளத்தில் வார்டு, பிளாக், நகரப் புல எண் எல்லாம் போட்டு எடுத்தேன். ஐயா பெயரும் அவர் தம்பி பெயரும் கூட்டாக நிற்கின்றன. இருவரும் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செட்டிநாட்டில் பாதி வீடுகள் இப்படித்தான். பூட்டின வீட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், பங்கு மட்டும் பெருகிக்கொண்டே போகும். நம் வீட்டுக்கு ஆறு பங்கு: இரண்டு இங்கே, மூன்று சென்னையில், ஒன்று மலேசியாவில் ஈப்போவில்.

ஆகஸ்ட் 14
ஆறு பேரின் சம்மதக் கடிதம் சேர்க்க ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, இன்னும் முடியவில்லை. சென்னை அண்ணன் இருவர் மறுநாளே கையெழுத்துப் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அச்செடுத்த நகல் செல்லாது, அசல் வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பிறகு கூரியர். ஈப்போவில் இருக்கும் சித்தப்பா மகன் பெரிய கேள்வி எழுப்பினான்: "ஏன் வெட்டணும்? ஐயா வச்ச மரம்." அவனுக்குக் கூரை போட்டோவை அனுப்பினேன். "கிளையை எடுங்க, மரத்தை எடுக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றான். பத்து வருஷமாக வீட்டுப் பக்கம் வராதவனுக்கு என்ன இவ்வளவு கரிசனம் என்று கோபம் வந்தது. அன்று ராத்திரி அது கொஞ்சம் தணிந்தது.

ஆகஸ்ட் 19
தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிநேகிதரை அழைத்துக் காட்டினேன். முதலில் அடியில் மண்ணைக் கிளறிப் பார்த்தார். வேர் மேட்டில் விசிறி மாதிரிக் காளான் எதுவும் இல்லை. அரிவாள் பிடியால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டினார். எல்லாப் பக்கமும் கெட்டியான சத்தம். பொந்து விழுந்த மரம் பறை மாதிரி ஒலிக்குமாம். சாய்வும் புதிதில்லை. மண் வெடித்திருந்தால்தான் பயம் என்றார்.

"மரத்துக்கு நோய் இல்லை. கூரைப் பக்கம் போற ஒரு கிளை மட்டும் நீளமாப் போயிடுச்சு. நுனியில கனம் சேர்ந்து காத்துல ஆடுது" என்றார். அந்தக் கிளை அடியில் ஒன்றரை அடி கனம். அதை அடிமரத்தோடு வெட்டச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். கூடாதாம். அவ்வளவு பெரிய புண் மூடவே மூடாது, தண்ணீர் இறங்கி உள்ளே அழுகும், பத்து வருஷத்தில் நல்ல மரமே பொந்தாகிவிடும். கிளையில் பாதி தூரத்தில் மேல்நோக்கிப் போகும் ஒரு பக்கக் கிளை இருக்கிறது. அது வெட்டுகிற இடத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருப்பதால், அதுவரை விட்டுவிட்டு முன்பகுதியை எடுத்தால், உயிர்ச்சாறு அந்தப் பக்கக் கிளைக்குப் போகும், புண்ணும் சின்னதாக இருக்கும். தலையை மொட்டை அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வெட்டின இடத்துல குச்சி குச்சியா நூறு கிளை வரும். எல்லாம் மேல்பட்டையில ஒட்டி நிக்கிறது, அடுத்த காத்துக்கு அதுங்க விழும்" என்றார்.

மனுவை மாற்றி எழுதினேன். 'மரத்தை வெட்ட' என்பதை அடித்துவிட்டு, 'மரத்தின் கிழக்குக் கிளையில் குறிக்கப்பட்ட பகுதியை நீக்க' என்று போட்டேன். கிளையில் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தப் போட்டோவும் வைத்தேன். அடியில் சிநேகிதரின் ஒரு பக்கக் குறிப்பு.

செப்டம்பர் 3
ஈப்போக் கையெழுத்தும் போன வாரமே வந்துவிட்டது. இன்றைக்குத்தான் நகராட்சியிலிருந்து இடம் பார்க்க ஆள் வந்தார். கையில் பழைய மனு! மாற்றிக் கொடுத்த மனு இன்னும் தபால் பிரிவில் தனி எண்ணோடு இருக்கிறது. மாற்றிக் கொடுக்கும்போது 'முன் மனு எண் இதைத் தொடர்ந்து' என்று ஒரு வரி எழுதாதது என் தவறு. நல்லவேளை, நகல் என் பையில் இருந்தது. அவர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இதுன்னா சுலபம் சார், முழு மரம்னா நான் காரணம் எழுதணும்" என்றார். கிளை மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்தார், இல்லை. இருந்தால் மின்வாரியத்துக்குத் தனிக் கடிதம் கொடுத்து, அன்றைக்கு லைன் நிறுத்தியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 12
உத்தரவு வந்துவிட்டது. அரைப் பக்கம். குறித்த பகுதி மட்டும், இலை தழையைத் தெருவில் போடக்கூடாது, 15 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

செப்டம்பர் 15
முதல் ஆள் வரமாட்டேன் என்றார், கட்டை அவ்வளவு வராதாம். வேறு ஆள் கூலிக்கு வந்தார். ஏணி வைத்துக் கிளையில் கூடு இருக்கிறதா பார்த்தோம், பழைய காக்கைக்கூடு ஒன்றுதான். கூரையில் சாக்கும் பழைய மெத்தையும் விரித்தோம்.

முதலில் கோட்டுக்கு ஓரடி வெளியே அடிப்பக்கம் கால்பங்கு அறுத்தார், பிறகு அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து. கிளை கயிற்றில் தொங்கி நின்றது, பட்டை உரிந்து கீழே வரவில்லை. அடியில் அறுக்காமல் மேலிருந்து மட்டும் அறுத்தால், முறியும்போது பட்டை நீளமாகக் கிழிந்து அடிக்கிளைக்குப் போய்விடும். கடைசியாக மிஞ்சிய குச்சியைப் பக்கக் கிளைக்கு ஒட்டி, அடியிலுள்ள தடித்த வளையத்தைத் தொடாமல் சுத்தமாக எடுத்தார். தார் பூச வேண்டாமா என்று கேட்டதற்கு, "அது தன்னால மூடும்" என்றார். சிநேகிதரும் அதையே சொன்னார்.

ஒரு ஓடு உடைந்தது. கூலி 4,500. கட்டை விற்றது 2,100.

செப்டம்பர் 18
ஈப்போவிலிருந்து போன். மரம் எப்படி இருக்கிறது என்று கேட்டான், போட்டோ அனுப்பினேன். அப்புறம், கட்டை விற்ற 2,100-ல் ஆறில் ஒரு பங்கு 350 ஆகும், அனுப்பவா என்று கேட்டேன். கூலியில் ஆறில் ஒரு பங்கு 750 என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தம் இல்லை.