3.7 கிலோமீட்டரா, 2.6 கிலோமீட்டரா?

பதினோராம் வகுப்பு அரையாண்டுப் புவியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். டோபோ ஷீட் வரைபடத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து, கோயிலுக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் இடையே உள்ள நேர்தூரத்தைக் கேட்டிருந்தோம். அளவை 1:50,000.

விடைக்குறிப்பு எழுதியது நான்தான். என்னிடமிருந்த தாளில் தூரம் 7.4 செ.மீ. அதை 50,000 ஆல் பெருக்கினால் 3,70,000 செ.மீ. ஒரு கிலோமீட்டருக்கு 1,00,000 செ.மீ. என்பதால் விடை 3.7 கி.மீ. இந்த அளவையில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. என்பதால், அளந்ததைப் பாதியாக்கினாலே போதும். ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு 37 கி.மீ. என்று எழுதுகிறவர்களை அப்படித்தான் உடனே கண்டுபிடிப்பேன்.

ஆனால் அன்று பெரும்பாலானவர்கள் 2.6 கி.மீ. என்று எழுதியிருந்தார்கள். முதல் நான்கைந்து பேருக்கு மதிப்பெண் போடவில்லை. அப்புறம் கை நின்றது. எல்லோரும் 5.2 செ.மீ. என்று அளந்து, ஒழுங்காகப் பாதியாக்கியிருக்கிறார்கள். இத்தனை பேர் ஒரே மாதிரி தப்பாக அளக்க முடியுமா?

வினாத்தாளை எடுத்து ஸ்கேலை வைத்தேன். 5.2 தான். படத்தின் அடியிலிருந்த அளவைக் கோட்டையும் அளந்தேன். 1 கி.மீ. என்று போட்ட துண்டு 2 செ.மீ. இருக்க வேண்டும், 1.4 தான் இருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. நான் கொடுத்தது ஏ3 தாள். அச்சில் அதை ஏ4 ஆக்கியதில் நீளமெல்லாம் ஏறக்குறைய 71 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 1:50,000 என்ற எழுத்து மட்டும் அப்படியே நின்றது. அந்தத் தாளின் உண்மையான அளவை கிட்டத்தட்ட 1:70,700.

அந்த விடைத்தாள் கட்டில் ஒரே ஒரு மாணவி 3.7 என்று எழுதியிருந்தாள். மறுநாள் கேட்டேன். "காகித ஓரத்துல ரெண்டு இடத்தையும் குறிச்சு, கீழ இருக்கிற கோட்டுல வெச்சுப் பார்த்தேன் சார்" என்றாள். படம் சுருங்கினால் அளவைக் கோடும் கூடவே சுருங்கும். அதனால் அவள் விடை மாறவில்லை. 5.2-ஐ 1.4 ஆல் வகுத்தாலும் 3.7 தான் வருகிறது. 1:50,000 என்று எண்ணால் எழுதும் பிரதி பின்னத்துக்கு அந்த வசதி இல்லை.

2.6 எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். அவர்கள் கையிலிருந்த தாளுக்கு அவர்கள் கணக்கு சரி, தப்பு எங்களுடையது.

இப்போதெல்லாம் விடைக்குறிப்பை அச்சான வினாத்தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். முதலில் அளவைக் கோட்டை அளந்துவிட்டுத்தான் மற்றது. ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 1:50,000 படத்தில் 50 மீட்டர் மாறும். அதனால் 3.65 முதல் 3.75 வரை ஏற்கலாம் என்று ஓரத்தில் எழுதிவைக்கிறேன்.