லேபிளில் மூன்று இடத்தில் வந்த கையுறை

மின்கெட்டிலின் அடியில் படியும் உப்புக் கறையைக் கரைக்கும் திரவம் ஒன்றின் லேபிள் வாசகத்தைச் சரிசெய்யும் வேலை வந்தது. பாட்டில் 500 மில்லி. பின்பக்கத்தில் எழுத்துக்கு இருந்த இடம் உள்ளங்கை அளவுகூட இல்லை. சட்ட விஷயம் பார்ப்பவர், தயாரிப்புப் பிரிவு, மார்க்கெட்டிங் என மூன்று பக்கமிருந்தும் தனித்தனிக் கோப்பு. எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்த டிசைனர், "எழுத்தைச் சின்னதாக்கிடவா?" என்று கேட்டார். பொறுங்கள் என்றேன்.

முதலில் எந்த வாக்கியத்தில் கைவைக்கலாம், எதில் கூடாது என்று பிரித்தேன். திரவத்தில் இருப்பது சல்ஃபாமிக் அமிலம். ரசாயனப் பொருள்களுக்கான ஐ.நா.வின் ஜிஎச்எஸ் முறைப்படி அதற்கு ஆச்சரியக்குறிப் படமும் 'எச்சரிக்கை' என்ற சொல்லும் வேண்டும். தோலிலும் கண்ணிலும் எரிச்சல் உண்டாக்கும் என்ற வாசகங்களும், கண்ணில் பட்டால் சில நிமிடம் நீரால் கழுவச் சொல்லும் வாசகமும் வேண்டும். பாதுகாப்புத் தரவுத் தாளின் 2ஆம் பிரிவில் இவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே லேபிளுக்கு வர வேண்டும். இவற்றுக்குச் சிவப்பு. பயன்படுத்தும் முறையில் செய்தி மாறக் கூடாது, சொற்களை மாற்றலாம், அதற்கு நீலம். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம்.

வண்ணம் அடித்து முடித்ததும் நெரிசலுக்குக் காரணம் தெரிந்தது. கையுறை மூன்று இடத்தில் இருந்தது. சட்ட வாசகத்தில் 'பாதுகாப்புக் கையுறை அணியவும்'. பயன்பாட்டின் முதல் படியில் 'கையுறை அணிந்துகொண்டு பாட்டிலைத் திறக்கவும்'. மார்க்கெட்டிங் பத்தியிலோ 'கைகளுக்கு முற்றிலும் பாதுகாப்பானது'! முதல் இரண்டும் ஒரே செய்தி. மூன்றாவது நேர் எதிர். எரிச்சல் எச்சரிக்கைக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பானது' என்று எழுதுவது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, படிப்பவர் எச்சரிக்கையையே நம்பாமல் போவார். அந்த வரி போயிற்று. மார்க்கெட்டிங் ஆள் கொஞ்சம் முனகினார். 'வெள்ளைப் படிவை 20 நிமிடத்தில் கரைக்கும்' என்ற வரியை முன்பக்கத்துக்குத் தனியாக, பெரிய எழுத்தில் கொடுத்ததும் சமாதானமானார். நிரூபிக்கக்கூடிய ஒரு வரி, நாலு பெயரடைகளைவிட நன்றாகவே விற்கும்.

பயன்பாட்டு முறை இப்படி வந்திருந்தது: 'கெட்டிலை நீரால் நிரப்பி, படிவின் அளவைப் பொறுத்து ஒரு லிட்டர் நீருக்கு சுமார் 50 மில்லி வீதம் திரவத்தைச் சேர்த்து, பிறகு 20 நிமிடம் வைக்கவும். குறிப்பு: ப்ளீச்சுடன் கலக்கக் கூடாது.' இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சக ஊழியரிடம் மாதிரி லேபிள் ஒட்டிய பாட்டிலைக் கொடுத்து, கெட்டிலைச் சுத்தம் செய்யச் சொன்னேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஊத்தணும்?" என்று என்னையே கேட்டார். அளவு வாக்கியத்தின் நடுவில் புதைந்து கிடந்தது. அதோடு, 50 மில்லியை அவர் எதில் அளப்பார்? இந்த பாட்டிலின் மூடி 25 மில்லி பிடிக்கும். ஆக, '2 மூடி திரவம், 1 லிட்டர் நீர்' என்பது முதல் வரியானது. 20 நிமிடம், கொட்டுதல், இரண்டு முறை அலசுதல் என்று ஆளுக்கு ஒரு வரி.

ப்ளீச் வரியை அளவுக்கும் மேலே ஏற்றினேன். அமிலம் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஊற்றிய பிறகு படித்து என்ன பயன்? 'பளிங்கின் மேல் படக் கூடாது' என்பதும் அங்கேயே சேர்ந்தது. உப்புக் கறையைக் கரைக்கும் அதே வேதிவினைதான் பளிங்கையும் அரிக்கும். கெட்டிலைப் பளிங்கு மேடையில் வைத்து மூடியைத் திறப்பவருக்கு இந்த வரி அப்போதே கண்ணில் பட வேண்டும்.

அடுத்த மாதிரியில் வேறொரு தொல்லை. 'ப்ளீச்சுடன் கலக்க' என்று ஒரு வரி முடிந்து, 'கூடாது' அடுத்த வரிக்குப் போயிருந்தது. தமிழில் மறுப்பு கடைசியில்தானே வருகிறது. அவசரத்தில் பார்ப்பவர் முதல் வரியோடு நின்றுவிட்டால் கதை கந்தல். 'கலக்காதீர்கள்' என்று ஒரே சொல்லாக்கியதும் பிரிய வழியில்லாமல் போயிற்று. இது நீலப் பகுதி என்பதால் மாற்ற முடிந்தது. சிவப்புப் பகுதியில் இப்படி வந்தால் சொல்லைத் தொடாமல், வரி உடையும் இடத்தை மட்டும் டிசைனரிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கவில்லை. அச்சுக்கான பிடிஎஃப் வந்ததும் 100 சதவீத அளவில் தாளில் எடுத்து, பாட்டிலில் சுற்றி ஒட்டி, தரவுத் தாளைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். முன்பக்கத்தில் 'கெட்டில்' என்பதன் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது. டிசைனரின் மென்பொருளில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் World-Ready Composer தேர்வாகவில்லை. அதை மாற்றிய பின் முழு லேபிளையும் மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.