அத்தையின் ஸ்லோக வகுப்பும் மாமாவின் பனியனும்

அத்தையின் லேப்டாப்பில் மீட்டிங் ஆப் நேற்று சாயங்காலம் படுத்துவிட்டது. ஐகானைத் தட்டினால் லோகோ ஒரு கணம் எட்டிப் பார்க்கும், உடனே மறையும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆறு மணிக்கு ஸ்லோக வகுப்பு. "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானேடா" என்று போன். நான் படித்தது சிவில்.

போய்ப் பார்த்தால் மாமா ஏற்கெனவே அதை அன்இன்ஸ்டால் செய்து மறுபடியும் போட்டிருக்கிறார். அப்படியும் அதே எட்டிப் பார்த்தல். ஆச்சரியமில்லை. அன்இன்ஸ்டால் செய்தால் ஆப் போகுமே தவிர, அது சேர்த்து வைத்த கேஷ் ஃபைல்களும் செட்டிங்ஸும் பெரும்பாலும் தனி ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். அதில் ஒரு ஃபைல் கெட்டுப்போயிருந்தால், புதிதாக வந்த ஆப்பும் அதைத்தான் படித்துவிட்டு விழும்.

அப்டேட் இருக்கிறதா பார்க்கலாமென்றால் அந்த பட்டன் ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. சரி, விண்டோஸ் அப்டேட்டையாவது பார்ப்போம் என்று திறந்தால், அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. "டேட்டா தின்னுது" என்றார் மாமா. வீட்டில் ஃபைபர் இணைப்பு. அன்லிமிடெட். அதை ஓடவிட்டு லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி வருவதற்குள் அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டார், எனக்கில்லை, லேப்டாப்புக்கு.

அதற்கும் அசையவில்லை. ஆப்பை மறுபடி அன்இன்ஸ்டால் செய்தேன். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரில் ஏதும் பின்னால் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடியதை நிறுத்தினேன். இல்லாவிட்டால் ஃபோல்டரைத் தொட விடாது. பிறகு, ஆப்கள் செட்டிங்ஸைச் சேர்த்து வைக்கும் இடத்தைத் திறக்க, Win+R அழுத்தி இதை அடித்தேன்:

```
%appdata%
```

ஆப்பின் பெயரில் அங்கே ஒரு ஃபோல்டர் இருந்தது. அழிக்கவில்லை, பெயரின் கடைசியில் `.old` சேர்த்தேன். ஏதாவது வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம். குற்றவாளி அதுதானா என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஆப்பின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டேன். மாமா தேடலில் முதலில் வந்த விளம்பரத்தைத் தட்டப் போனார், கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

திறந்தது! லாகின் கேட்டது. பாஸ்வேர்டு பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் இருந்தது, போன வருஷப் பஞ்சாங்கத்தில்.

வகுப்பு தொடங்கியது. செட்டிங்ஸ் எல்லாம் புதிது என்பதால் அத்தை எப்போதும் வைக்கும் கோபுரப் பின்னணி போயே போச்சு. அதற்குப் பதில் கொடியில் காயும் துண்டு, அதற்குக் கீழே பனியனோடு முறுக்கு தின்னும் மாமா. அத்தைக்கு அது தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மாணவி மட்டும் கடைசியில், "மாமி, பின்னாடி இருக்கறது மாமாவா? இத்தனை நாளா காட்டவே இல்லையே" என்றார். ஸ்க்ரீன் முழுக்கச் சிரிப்பு. அத்தை என்னை முறைத்தார்.

இன்று காலை கோபுரப் படத்தைத் திரும்பப் போடப் போனேன். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். "அது எதுக்குப்பா இப்ப, மெதுவா போட்டுக்கலாம்" என்கிறார்.