தண்டுவட அடிக்கு அப்புறம் நடைப் பயிற்சி: எங்க மாட்டிக்கிட்டேன், எப்படி வெளிய வந்தேன்

இன்னும் கோவம் முழுசா அடங்கல, அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும். எனக்கு அடி பட்டது டி10 லெவல்ல, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல பத்தாவது எலும்பு மட்டத்துல. முழுசா அறுந்து போகல, கால்ல அங்கங்க உணர்ச்சி இருந்துச்சு, தொடைத் தசை நினைச்சா லேசா இறுகும். ஆபரேஷன், வீல்சேர் பழகுறது, பிளாடர் டிரெயினிங் எல்லாம் பெரிய சிக்கல் இல்லாம முடிஞ்சுது. என்னைப் படுத்தி எடுத்தது நடைப் பயிற்சிதான்.

முதல் அடி பேப்பர்லயே விழுந்துச்சு. டிஸ்சார்ஜ் சம்மரியில வெறும் "பாராப்ளீஜியா"ன்னு, அதாவது ரெண்டு காலும் செயலிழந்துடுச்சுன்னு மட்டும் எழுதிக் கொடுத்துட்டாங்க. ஓடுற பெல்ட் மேல நடக்கப் பழக்குற டிரெட்மில் யூனிட் கவுண்டர்ல போய் நின்னா "ஏசியா கிரேடு எங்க?"ன்னு கேட்டாங்க. தண்டுவட அடி எவ்ளோ தீவிரம்னு ஏ-லேர்ந்து இ வரைக்கும் குறிக்குற அளவு அது, இல்லன்னா ஸ்லாட் கிடையாதாம். வண்டி வச்சு, ஆள் வச்சு, வீல்சேரை இறக்கி ஏத்தி அவ்ளோ தூரம் போய்ட்டு அப்படியே திரும்பி வந்தோம். கேட்டது என்னமோ நியாயமான கேள்விதான், முன்னாடியே போன்ல சொல்லியிருக்கலாம்ல? கிரேடு ஏ-ன்னா ஆசனவாய்ப் பகுதியில உணர்ச்சியும் இல்ல, இறுக்கவும் முடியாதுன்னு அர்த்தம். சி, டி-ன்னா அடிக்குக் கீழயும் மூளையோட கட்டளை கொஞ்சம் இறங்குதுன்னு அர்த்தம். அந்த இடத்தைச் சோதிச்சுப் பாக்காம கிரேடு போடவே முடியாது, எனக்கு யாருமே பாக்கல. டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடியே பாக்கச் சொல்லி, கிரேடை எழுத்துல வாங்கிடுங்க. எனக்கு அப்புறமா பாத்து சி-ன்னு எழுதிக் கொடுத்தாங்க.

அதுக்கு நடுவுல வேற ஒரு இடத்துல, ரெண்டு பக்கமும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடக்குற பேரலல் பார்ல நிக்க வச்சாங்க. அங்கதான் மாசக்கணக்குல வீணாப்போச்சு. பிசியோ சொன்னது ஒரே வசனம்: "கையை நல்லா ஊன்றுங்க, முன்னாடி சாயுங்க, தொடையைத் தூக்குங்க." நானும் தோள்பட்டை நடுங்க நடுங்க ஊன்றிக்கிட்டு, உடம்பை வளைச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்கப் பாப்பேன். பாதம் தரையோட ஒட்டுன மாதிரி அசையாது. "நீங்க மனசு வைக்க மாட்டேங்கிறீங்க"ன்னு சொன்னாங்க. இதைத்தான் என்னால இன்னிக்கும் மறக்க முடியல, ஏன்னா என்னை மாதிரி அடி பட்டவங்க அந்த நிலையில நின்னா கால் எழும்புறது ரொம்பக் கஷ்டம்னு இப்ப எனக்குத் தெரியும்.

டிரெட்மில் யூனிட்ல இருந்த சீனியர் தெரபிஸ்ட் அம்மா முதல் நாள் என் காலைப் பாக்கவே இல்ல. கையையும் இடுப்பையும்தான் பாத்தாங்க. "எடை பூரா உள்ளங்கையில நிக்குது, தொடை பின்னாடி போகவே இல்ல, அப்புறம் தண்டுவடத்துக்கு எப்படித் தெரியும் அடுத்த அடி எடுக்கணும்னு?"ன்னு கேட்டாங்க. எனக்கு அது சுத்தமா புரியல, திரும்பத் திரும்பக் கேட்டேன், சலிச்சுக்காம சொன்னாங்க.

அவங்க சொன்னது இதுதான். ஒவ்வொரு அடிக்கும் மூளை தசை தசையா கட்டளை போடுறது இல்ல. நடையோட தாளம் தண்டுவடத்தோட கீழ்ப்பகுதியில, லம்பார் பக்கம் இருக்குற நரம்புச் சுற்றுகள்லயே உருவாகுது. 1911-லயே கிரகாம் பிரவுன்னு ஒரு ஆய்வாளர் பூனைகள்ல பாத்திருக்கார்: தண்டுவடத்தை வெட்டி, கால்லேர்ந்து வர்ற உணர்ச்சி நரம்புகளையும் வெட்டின பிறகும் மடக்குற தசையும் நீட்டுற தசையும் மாறி மாறி இறுகியிருக்கு. காலை மடக்குறதுக்கு ஒரு பாதி, நீட்டுறதுக்கு ஒரு பாதி, ஒண்ணு வேலை செய்யும்போது மத்ததை அடக்கி வைக்கும், சீசா பலகை மாதிரி. வேலை செய்ற பாதி சோர்ந்ததும் மத்தது எழும்பும். ரெண்டு கால் சுற்றுகளையும் குறுக்க இணைக்குற நரம்பு செல்களும் இருக்கு, அதனாலதான் ரெண்டு காலும் ஒரே நேரத்துல தூக்காது.

தாளம் தன்னால வந்தாலும், எப்ப மாத்தணும்னு சொல்றது கால்தான். தரையில இருக்குற காலை எப்ப எடுக்கலாம்னு தண்டுவடம் ரெண்டு சேதியை வச்சு முடிவு பண்ணுது. ஒண்ணு, தொடை உடம்புக்குப் பின்னாடி நல்லா போச்சான்னு. போனா இடுப்போட முன்பக்கத் தசை இழுபடும், அந்த இழுப்பு மடக்குற பாதியைத் தட்டி எழுப்பும். இன்னொண்ணு, கெண்டைக்கால் தசைநார்ல இருந்து வர்ற பாரச் சேதி. பாதத்து மேல எடை இருக்குற வரைக்கும் அந்தச் சேதி மடக்குற பாதியை அமுக்கி வைக்கும், நீட்டுற தசைக்கு இன்னும் பலம் கொடுக்கும். சும்மா உக்காந்திருக்கும்போது இதே தசைநார்ச் சேதி அதே தசையைத் தளர்த்தத்தான் செய்யுமாம், நடக்கும்போது தலைகீழா மாறிடுதாம். ரெண்டையும் பூனையில நேரடியா சோதிச்சிருக்காங்க. 1978-ல கிரில்னரும் ரொசிஞ்ஞோலும் இடுப்பு மூட்டு பின்னாடி போகாம பிடிச்சு வச்சப்ப, அந்தக் கால் தரையிலயே நின்னுடுச்சு. 1980-ல டைசன்ஸும் பியர்சனும் கணுக்கால நீட்டுற தசைக்கு பாரம் கொடுத்தப்ப மடக்குற தாளமே நின்னு போச்சு.

இப்ப என் பழைய நிலையை வச்சுப் பாருங்க. கூனி நின்னதால தொடை பின்னாடி போகவே வழியில்ல, முதல் சேதி கிடையாது. எடை கையில இருந்ததால பாதத்துக்கு பாரம் ஏறவும் இல்ல, அதனால அது குறைஞ்சுதுன்னு தெரியுற மாதிரி இறங்கவும் இல்ல, ரெண்டாவது சேதியும் மொட்டை. இந்த லட்சணத்துல "தூக்கு தூக்கு"ன்னா எதை வச்சுத் தூக்குறது?

அந்த அம்மா செஞ்சது இப்படி. உடம்பைச் சுத்திக் கட்டி மேலேர்ந்து தாங்குற ஹார்னஸ்ல தொங்கவிட்டு, ஆரம்பத்துல என் எடையில 40 சதவீதம் வரைக்கும் அந்த ஹார்னஸே தாங்குற மாதிரி வச்சாங்க, அதுக்கு மேல ஏத்தச் சம்மதிக்கல, ஏத்தினா குதிகால் தரையில உருப்படியா படாது, பாரச் சேதியும் செத்துடும். கைப்பிடியில விரல் வைக்கலாம், ஊன்றக் கூடாது. ஒருத்தர் பின்னாடி நின்னு என் இடுப்பெலும்பை முன்னாடி தள்ளி நிமிர்த்தி வச்சார். பெல்ட்டோட வேகத்தை நான் பயந்த அளவுக்குக் குறைக்கவும் விடல, மெதுவாப் போனா தொடை பின்னாடி போய்ச் சேர்றதுக்குள்ள உடம்பு சரிஞ்சுடுது. அப்புறம் சொன்னாங்க, "வலது காலை மறந்துடுங்க, இடது கால்ல ஏறி நில்லுங்க."

இடது பாதத்துல எடை ஏறுச்சு. பெல்ட் வலது காலைப் பின்னாடி இழுத்துட்டே போச்சு, தொடையோட முன்பக்கம், இடுப்பு மடிப்புல சுருக்குன்னு ஒரு இழுப்பு தெரிஞ்சுது, வலது குதிகால் லேசா எழும்புச்சு, அடுத்து முழங்கால் தானா மடங்கி கால் முன்னாடி வந்துடுச்சு. நான் தூக்கல, சத்தியமா தூக்கல. சின்ன அடிதான், கட்டை விரல் பெல்ட்டை உரசிட்டே வந்துச்சு. ஆனா அத்தனை மாசம் அசையாத கால் அது.

வெளிய வந்து சொன்னா பழைய இடத்து ஆள் ஒருத்தர் "அது வெறும் ஸ்பாஸம்"னு, அதாவது தசை தானா வெட்டி இழுக்குறதுன்னு சொல்லிட்டார். இதுக்கு நான் வித்தியாசம் கத்துக்கிட்டேன், நீங்களும் பாத்து வச்சுக்கோங்க. கணுக்கால் குளோனஸ்னா பாதத்தோட முன்பக்கம் அழுந்தினதும் கெண்டை படபடன்னு செகண்டுக்கு அஞ்சாறு தடவை துடிக்கும், அங்க மட்டும்தான் துடிக்கும், மத்த காலுக்கு அதுல சம்பந்தமே இருக்காது. உள்ளங்காலைக் கிள்ளினா மொத்தக் காலும் சட்டுன்னு மடங்குமே, அது ஒரு தடவையோட முடிஞ்சுடும், திரும்பத் திரும்பக் கிள்ளினா மங்கிப் போயிடும். நடைத் தாளம் அப்படி இல்ல, இடுப்பு, முழங்கால், கணுக்கால் சேர்ந்து வரும், எதிர்க்கால் எடை வாங்குற நேரத்தோட பொருந்தி வரும், பெல்ட் வேகத்தைக் கூட்டினா கூடவே வேகமாகும். இதுல பெல்ட் வேகத்தை மாத்திப் பாக்குறதுதான் நல்ல சோதனை. உள்ளங்காலைக் கிள்ளியே நடக்க வைக்கிறேன்னு யாராவது ஆரம்பிச்சா வேண்டாம்னு சொல்லிடுங்க.

கட்டை விரல் உரசுறது ரொம்ப நாள் தொல்லை கொடுத்துச்சு. அதுலயும் ஒரு விஷயம் இருக்கு: கால் காத்துல வரும்போது பாதத்தோட மேல்பக்கம் எதுலயாவது இடிச்சா, தண்டுவடம் காலை இன்னும் மடக்கி மேல தூக்கித் தாண்ட வைக்கும். அதே இடத்தை, அதே அளவுல, கால் தரையில ஊன்றி இருக்கும்போது தட்டினா நீட்டுற தசைதான் இறுகும். 1979-ல ஃபோர்ஸ்பெர்க் பூனையில இதைக் காட்டியிருக்கார். எந்த நேரத்துல தொடுறோம்ங்குறதை வச்சுப் பதிலே மாறுது. அதனால, உதவுறவங்க காலை முன்னாடி கொண்டு வரும்போது நீட்டுற தசையைக் கிளறக் கூடாதுன்னும், ஊன்றி நிக்கும்போது முழங்காலுக்குப் பின்னாடி கை வச்சு மடக்கு தசையைக் கிளறக் கூடாதுன்னும் அந்த அம்மா கறாரா இருந்தாங்க. என் வீட்டு ஆளுங்களுக்கு இதைப் பழக்குறதுதான் கஷ்டமா இருந்துச்சு, பாசத்துல எங்க வேணா பிடிச்சுடுறாங்க.

எதிர்பார்ப்பைக் கூட்டி விடக் கூடாதுன்னு இதையும் சொல்லிடுறேன். மனுஷனுக்குத் தண்டுவடச் சுற்று மட்டும் போதாது, பேலன்ஸும் எடை தாங்குறதும் மேலேர்ந்து வர்ற கட்டளை இல்லாம நடக்காது. கிரேடு ஏ உள்ளவங்களுக்கு டிரெட்மில்ல தசை தாளமா இறுகுறது தெரியும், ஆனா அதை வச்சுத் தனியா நிக்க முடியாது. அடி லம்பார் பகுதியிலயே பட்டு காலே தொளதொளன்னு ஆனவங்களுக்கு அந்தச் சுற்றோ, அதுலேர்ந்து தசைக்குப் போற நரம்போ சேதமாகியிருக்கும், அவங்களுக்கு நான் சொன்னது பொருந்தாது. இன்னொண்ணு, டிரெட்மில்தான் மந்திரம்னு ஓடாதீங்க. 2006-ல வந்த பெரிய ஆய்வுல, முழுமையில்லாத அடி பட்டவங்கள்ல டிரெட்மில்ல பழகினவங்களும் தரையில அதே அளவு பழகினவங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தேறியிருந்தாங்க. ஸ்லாட் கிடைக்கலன்னா தரையிலயே இதே மாதிரி பழகுங்க.

நான் இப்ப வாக்கரோட வீட்டுக்குள்ள நடக்குறேன். வாக்கர் வாங்கும்போதும் கவனமா இருங்க, கடையில கொடுக்குற உயரம் பெரும்பாலும் தாழ்வா இருக்கும், மறுபடியும் கூன் விழுந்துடும். நிமிர்ந்து நின்னு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு வர்ற உயரத்துக்குப் பிடி இருக்கணும். சாயங்காலம் உள்ளங்கை சிவந்து வலிச்சுதுன்னா எடை மறுபடி கைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம், அடுத்த நாள் தூரத்தைக் குறைச்சு, நிமிர்ந்து, தொடை பின்னாடி போற அளவுக்குப் பெரிய அடியா வச்சுப் பாருங்க.