அழைப்பிதழின் அடியில் இருந்த தொலைபேசி எண்

பாம்புக்கடி முதலுதவி குறித்து எங்கள் அறக்கட்டளை 2025 நவம்பர் 8, சனிக்கிழமை மாலை 7 மணிக்கு ஒரு ஜூம் வெபினார் நடத்தியது. பேச அழைத்த இருவருமே வெளியாட்கள். ஒருவர் கோத்தகிரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர். மற்றவர் டொராண்டோவில் இருக்கும் பேராசிரியர். பொதுமக்களுக்கான பதிவு, நினைவூட்டல் மின்னஞ்சல் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. இந்த இரண்டு விருந்தினர்களை உள்ளே கொண்டுவருவதற்குத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

மருத்துவரின் ஊரில் மழை பெய்தால் கைபேசி இணையம் நின்றுவிடும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆகவே இணையம் போனால் தொலைபேசி வழியே சேரலாம் என்ற ஏற்பாட்டை முதலிலேயே மனத்தில் வைத்திருந்தேன். ஜூம் தரும் அழைப்பிதழின் அடியில் தொலைபேசி எண்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. அதைக் கண்டு அந்த வேலை முடிந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். நான் செய்த முதல் தவறு அதுதான்.

வெபினார் உரிமம் எங்களுடையதன்று. எங்களோடு இணைந்து பணியாற்றும் ஒரு நிறுவனத்தின் கணக்கில் இருந்தது. அக்டோபர் 16 அன்று இரு விருந்தினர்களையும் பேச்சாளர்களாகச் சேர்த்து, அவரவருக்கான தனி இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். மருத்துவர் அதைத் திறந்ததும், ஜூம் கணக்கில் உள்நுழையுமாறு திரை கேட்டிருக்கிறது. அவருக்கு அப்படியொரு கணக்கே இல்லை. கணக்கை நிர்வகிக்கும் அலுவலரைக் கேட்டேன். "எங்களுக்கு வேலை செய்கிறதே, மேடம், அவருடைய போனில்தான் கோளாறு இருக்கும்" என்றார். இரண்டு நாட்களில் நான்கு முறை கேட்டும் அதே பதில்தான் வந்தது. அவர் சொன்னது பொய்யன்று. அவர் எப்போதும் நிறுவனக் கணக்கில் உள்நுழைந்த கணினியில்தான் சோதித்தார். அந்தக் கணினிக்குக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். கடைசியில் ஜூம் கணக்கே இல்லாத என் அம்மாவின் கைபேசியில் அதே அமைப்புகளுடைய ஒரு சோதனை வெபினாரைத் திறந்து, வந்த திரையைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் அவர் அமைப்புகளைப் பார்த்தார். உள்கூட்டங்களுக்காக யாரோ என்றோ இயக்கி வைத்திருந்த `Require authentication to join` என்ற தெரிவு எங்கள் வெபினாருக்கும் பொருந்திக்கொண்டிருந்தது. அதை நீக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெளியாட்களை அழைப்பவர்கள், நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கைபேசியில் இணைப்பைத் திறந்து பார்க்காமல் அழைப்பை அனுப்ப வேண்டாம்.

டொராண்டோ பேராசிரியரின் சிக்கல் வேறு விதமானது. அக்டோபரில் டொராண்டோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. அன்றைய கணக்குப்படி, "உங்கள் நேரம் காலை 9.30" என்று கடிதத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அங்கே நவம்பர் 2 அன்று கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அதன் பிறகு வேறுபாடு பத்தரை மணி நேரம். நவம்பர் 8 அன்று நம் மாலை 7 மணி என்பது அவருக்குக் காலை 8.30. அழைப்போடு சென்ற நாட்காட்டிக் குறிப்பு 8.30 என்று சரியாகக் காட்டியதால், "இரண்டில் எது சரி?" என்று அவரே எழுதிக் கேட்டார். கேட்காமல் என் கடிதத்தை நம்பியிருந்தால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, நிகழ்ச்சியின் முடிவைத்தான் பார்த்திருப்பார். நேரத்தை வெபினார் நடக்கும் தேதிக்குக் கணக்கிட வேண்டும். கடிதம் எழுதும் தேதிக்கு அன்று.

இனி தொலைபேசிக்கு வருகிறேன். அழைப்பிதழை அச்செடுப்பதற்காக மருத்துவர் ஜீப்பில் கோத்தகிரிக்கு இறங்கி வந்து, வீடு திரும்பித் தம் தரைவழித் தொலைபேசியில் அந்த எண்ணை அழுத்தியிருக்கிறார். அழைப்பே போகவில்லை. அச்சடித்த தாளைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். அதிலிருந்த எண்கள் அனைத்தும் +1 என்று தொடங்கும் அமெரிக்க எண்கள். அவர் தொலைபேசியில் ஐ.எஸ்.டி. வசதி இல்லை, இருந்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தை விருந்தினர் தலையில் சுமத்துவது முறையன்று. கணக்கின் அமைப்புகளில் `Global Dial-in Countries/Regions` என்ற பட்டியலில் அமெரிக்கா மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. இந்தியாவைச் சேர்த்த பிறகு +91 எண்கள் வந்தன. எங்கள் திட்டத்தில் இந்திய எண்கள் அடங்கியிருந்தன; உங்கள் திட்டத்தில் உண்டா என்பதை உரிமம் வைத்திருப்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எண் சரியாகியும் அவரால் சேர முடியவில்லை. அழைப்பு போகிறது, குரல் ஏதோ சொல்கிறது, பிறகு துண்டித்துவிடுகிறது என்றார். தொலைபேசியில் விளக்கி விளக்கிச் சலித்துப்போய், நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்து ஏறி அவர் வீட்டுக்கே போனேன். அவர் பக்கத்தில் அமர்ந்து அந்தப் பழைய தொலைபேசியில் காதை வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பதிவு செய்த ஆங்கிலக் குரல் ஒவ்வோர் எண்ணுக்கும் பிறகு 'பவுண்ட்' அழுத்தச் சொல்கிறது.

"ஏம்மா, பவுண்டு பவுண்டுன்னு சொல்றாங்களே, எந்தப் பட்டனை அமுக்கறது?" என்று அவர் கேட்டார். நாம் ஹேஷ் என்று சொல்லும் # பொத்தானைத்தான் அந்தக் குரல் அப்படி அழைக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் என் கடிதத்தில் சொல்லவில்லை.

அடுத்து, கடவுச்சொல். என் கடிதத்தில் நான் கொடுத்திருந்தது இணைப்பில் சேர்பவர்களுக்கான, எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல். தொலைபேசிப் பொத்தான்களில் அதை எப்படி அடிப்பது? தொலைபேசியில் சேர்பவர்களுக்கென்று வெறும் எண்களால் ஆன வேறொரு கடவுச்சொல்லை ஜூம் தருகிறது. அது அழைப்பிதழில் தொலைபேசி எண்களை ஒட்டி இருக்கும். அழைப்பிதழைச் சுருக்கி அழகாக எழுதுகிறேன் என்று அந்த வரியை நானே நீக்கியிருந்தேன். மருத்துவர் மலை இறங்கி ஏறியதில் பாதி என்னால்தான்.

அன்று அவர் மேசையிலேயே ஒரு வெள்ளை அட்டையில் பெரிய எழுத்தில் இதை எழுதி, தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டினேன்:

```
1. +91 என்று தொடங்கும் எண்ணை, +91-க்குப் பதில் 0 போட்டு அழைக்கவும்.
2. குரல் வந்ததும்: 11 இலக்க வெபினார் எண், பிறகு #
3. 'participant ID' என்று கேட்டால்: # மட்டும்
4. எண் கடவுச்சொல், பிறகு #
5. பேச வேண்டும் என்றால்: *9
6. பேச அனுமதி கிடைத்ததும்: *6
குரல் 'பவுண்ட்' என்று சொன்னால், # பொத்தான்.
```

ஐந்தாவது, ஆறாவது வரிகள் ஏன் என்று சொல்ல வேண்டும். தொலைபேசியில் மட்டும் சேர்பவர், பேச்சாளராக அழைக்கப்பட்டவரே ஆனாலும், வெபினாருக்குள் பார்வையாளர் வரிசையில்தான் வந்து அமர்கிறார், வாயும் அடைக்கப்பட்டிருக்கும். அவர் *9 அழுத்தினால் கை உயர்த்தியதாக நமக்குத் தெரியும். நாம் பட்டியலில் அவருக்கு நேரே `Allow to Talk` என்பதை அழுத்த வேண்டும். அதன் பிறகு அவர் *6 அழுத்தினால்தான் குரல் கேட்கும். *6 மாறி மாறி வேலை செய்யும் பொத்தான், இரண்டு முறை அழுத்தினால் மறுபடியும் வாய் அடைந்துவிடும். பட்டியலில் அவர் பெயரும் இருக்காது. நடு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஒரு தொலைபேசி எண்தான் தெரியும். எனவே விருந்தினர் எந்த எண்ணிலிருந்து அழைப்பார் என்பதை முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும்.

இவற்றை ஒத்திகை பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. வெபினாரில் `Practice Session` என்றொரு முன்னேற்பாடு உண்டு. பேச்சாளர்கள் மட்டும் கூடிப் பார்க்கலாம். பார்வையாளர்களை அது உள்ளே விடாது. தொலைபேசியில் வருபவரும் பார்வையாளராகவே கருதப்படுவதால், அவர் அங்கே வர இயலாது, வெளியே காத்திருப்பார். அதனால் யாருக்கும் அறிவிக்காமல் இன்னொரு வெபினாரை உருவாக்கி, அதை முறையாகத் தொடங்கி, அதன் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து மருத்துவரை அதில் அழைக்கச் சொன்னேன். ஏழாம் தேதி மாலை அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே, யார் உதவியும் இல்லாமல் உள்ளே வந்து, "வணக்கம், கேட்குதாம்மா?" என்றார். மூன்று வாரத்தில் எனக்கு நிம்மதி தந்த முதல் சொல் அது.

எட்டாம் தேதி அவர் மடிக்கணினியில்தான் சேர்ந்தார். 7.20-க்கு, அவர் பேசத் தொடங்கிச் சில நிமிடங்களில், படம் உறைந்து குரல் நின்றது. அவர் ஊரில் மழை, கூடவே மின்வெட்டு. நான் டொராண்டோ பேராசிரியரை அவர் பகுதியைத் தொடங்கச் சொன்னேன். நான்கு நிமிடத்துக்குள் பட்டியலில் அந்தத் தரைவழி எண் தோன்றியது, கை உயர்ந்தது, அனுமதித்தேன். செம்புக்கம்பி வழியே வரும் அந்தப் பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை என்பதால் மின்வெட்டு அதைத் தொடவில்லை. அவருடைய படவில்லைகளை முன்பே வாங்கி வைத்திருந்தேன். அவர் "அடுத்தது" என்று சொல்லச் சொல்ல நாங்கள் இங்கே மாற்றினோம். கடிவாயின் மேல் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, கடிபட்டவரை நடக்க விடாமல் விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. எழுத்தில் வந்த கேள்விகளை அவரால் பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் நான் வாசித்துக் காட்டினேன்.

மறுநாள் அவர் அழைத்து, டிசம்பர் நிகழ்ச்சிக்கும் சுவரில் உள்ள அட்டையே போதுமா என்று கேட்டார். வெபினார் எண்ணும் கடவுச்சொல்லும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாறும் என்று சொல்லி, புதிய அட்டையைத் தபாலில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன், அதில் எழுதப்போகும் எண்களை ஒரு தரைவழித் தொலைபேசியிலிருந்து நானே அழைத்துப் பார்த்துவிடுவேன்.